மேட்ரிக்ஸில் பெங்களூரு முதலிடம், மனசு ஒப்பவில்லை: கணக்கில் எங்கே பார்ப்பது?

கேள்வி: "வயசு 34. சென்னையில் ஒரு ஐடி சர்வீசஸ் கம்பெனியில் டெஸ்டிங் லீட், கையில் வருவது 1,15,000. பெங்களூரில் ஒரு ப்ராடக்ட் கம்பெனி 1,60,000 தருகிறேன் என்கிறது. கோவையில் ஒரு சின்ன கம்பெனி 95,000. கோவை சொந்த ஊர், அப்பா அம்மா அங்கேதான், வீடும் இருக்கிறது. மனைவி, நாலு வயசு மகள். எனக்கு எது முக்கியம் என்று யோசித்து மேட்ரிக்ஸ் போட்டேன்: சம்பளம் 9, பெற்றோர் பக்கத்தில் 9, வேலைப் பாதுகாப்பு 8, கற்றல் 8, பதவி வளர்ச்சி 8, குடும்ப நேரம் 8, கம்பெனி பெயர் 7 என்று வெயிட்டேஜ். பத்துக்கு மார்க் போட்டுப் பெருக்கினால் பெங்களூரு 397, சென்னை 381, கோவை 378. பெற்றோர் வரிசையில் சென்னைக்கு 6, பெங்களூருக்கு 4, கோவைக்கு 9 போட்டேன். பெங்களூரு ஜெயித்தும் சந்தோஷமே வரவில்லை. இதை நம்பலாமா?"

உங்கள் அட்டவணை இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 397க்கும் 378க்கும் நடுவே இருப்பது 19 மார்க். கோவைக்குக் கற்றலில் 6க்குப் பதில் 8, பாதுகாப்பில் 6க்குப் பதில் 7 போட்டிருந்தீர்கள் என்றால் 24 கூடி கோவை 402 ஆகியிருக்கும், அப்போது இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருப்பீர்கள். நான் கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் நடத்துகிறவன், இந்த மாதிரி அட்டவணைகளை மாணவர்களிடமும் வேலை மாறப் போகும் பழைய மாணவர்களிடமும் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லா வெயிட்டேஜும் 7க்கும் 9க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்பதுதான் அடிக்கடி பார்க்கிற கோளாறு. எல்லாமே முக்கியம் என்று எழுதிவிட்டால் அட்டவணைக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை.

எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை. இது நழுவல் இல்லை, பழைய வழக்கம்தான். 1772இல் லீட்ஸ் நகரத்தில் மதபோதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடம் ஒரு வேலை வந்தது. போகலாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். என்ன முடிவு என்று சொல்ல எனக்கு விவரம் போதாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். தாளை இரண்டாகப் பிரித்து சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம், மூன்று நாலு நாள் தோன்றத் தோன்ற எழுதச் சொன்னார். அப்புறம் எடை சமமாகத் தெரிகிறவற்றை இரண்டு பக்கத்திலும் அடித்துக்கொண்டே வரச் சொன்னார். (பிரீஸ்ட்லி வேலைக்குப் போனார், 1774இல் அந்தப் பிரபுவின் மாளிகையில் வைத்துத்தான் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்தார். அது எந்தப் பத்தியிலும் எழுதியிருக்க முடியாத சாதகம்.) அந்த முறையில் 'சம்பளம்' என்ற சொல்லுக்கு மார்க் கிடையாது. இந்த வேலைக்குப் போனால் எனக்கு இன்னது கூடும், இன்னது குறையும் என்று நிஜமான வித்தியாசத்தைத்தான் எடை போடுகிறோம். உங்கள் அட்டவணையில் விட்டுப்போனது அதுதான்.

முதலில் வரிசைகளைப் பாருங்கள். சம்பளம், கற்றல், பதவி வளர்ச்சி, கம்பெனி பெயர் ஆகிய நாலும் சேர்ந்து 32, மொத்த வெயிட்டேஜ் 57. அதாவது மார்க் போட ஆரம்பிக்கும் முன்பே பாதிக்கு மேல் 'தொழிலில் மேலே போவது' என்ற ஒரே விஷயத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றையும் "இது எனக்கு எதற்கு?" என்று கேளுங்கள். கம்பெனி பெயர் எதற்கு என்றால் அடுத்த வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பீர்கள். பதவி எதற்கு என்றாலும் கிட்டத்தட்ட அதே பதில், கூடவே சம்பளம். பதில் ஒன்றாக வந்தால் வரிசையும் ஒன்றுதான். இவற்றைச் சுருக்கினால் என் கண்ணுக்கு ஐந்து மிஞ்சுகிறது: மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் பணம், அடுத்த ஐந்து வருடத்துக்கு விலை போகிற கற்றல், பெற்றோருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, மாலையில் குழந்தையோடு இருக்கும் நேரம், வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை. கம்பெனி பெயர் ஊரில் தலைநிமிர்ந்து சொல்வதற்கு என்றால் அதையும் தனியாக எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைக் கற்றலுக்குள் ஒளித்து வைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் மார்க் போடும் முன் மூன்று ஊரிலும் என்ன நடக்கும் என்று நிஜ அளவில் எழுதுங்கள். ரூபாய், மணி, கிலோமீட்டர், எது பொருந்துகிறதோ அது. நீங்கள் தராத எண்களை நானே உத்தேசமாக வைக்கிறேன், உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை உட்படச் செலவு 75,000 என்றால் மிச்சம் 40,000. பெங்களூரில் வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,05,000 ஆனால் மிச்சம் 55,000. கோவையில் சொந்த வீடு, செலவு 45,000, மிச்சம் 50,000. சம்பளத்தில் 65,000 இருந்த இடைவெளி கையில் மிஞ்சுவதில் வெறும் 15,000 ஆகிவிட்டது. நீங்கள் 9 வெயிட்டேஜ் கொடுத்தது அந்த 65,000ஐ மனசில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

பெற்றோர் வரிசை இதைவிட வேடிக்கை. சென்னைக்கு 6, பெங்களூருக்கு 4. ஆனால் கோவையிலிருந்து சென்னை சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 360. ராத்திரி பத்து மணிக்கு அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால் இரண்டு ஊரிலிருந்தும் விடிவதற்குள் போய்ச் சேரத்தான் முடியும், உடனே ஓட முடியாது. வெளிமாநிலம் என்பதால் தூரம் அதிகமாகத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வரிசையில் இரண்டுமே அடிமட்டம், கோவை மட்டும் உச்சம்.

இப்போது மார்க்கைப் பத்துக்குப் போடாமல், ஒவ்வொரு வரிசையிலும் இந்த மூன்றில் மோசமானதற்கு 0, சிறந்ததற்கு 100 என்று வையுங்கள், நடுவில் இருப்பதை விகிதப்படி. மிச்சப் பணம்: சென்னை 0, கோவை 67, பெங்களூரு 100. கற்றல்: சென்னை 0 (பதினோராவது முறையாக அதே ரிக்ரெஷன் டெஸ்டிங்), கோவை 40, பெங்களூரு 100. பெற்றோர்: 0, 100, 0. மாலை நேரத்துக்கு, மகள் விழித்திருக்கும்போது நீங்கள் வீட்டில் இருப்பது பெங்களூரில் ஒரு மணி, சென்னையில் ஒன்றரை, கோவையில் இரண்டரை என்று வைத்தால் சென்னை 33, கோவை 100, பெங்களூரு 0. பாதுகாப்பு: சென்னை 100, பெங்களூரு 50, கோவை 0. சின்ன கம்பெனி இரண்டு மூன்று கிளையன்டை நம்பி ஓடுகிறது என்று ஊகித்துத்தான் அந்தக் கடைசி 0, நீங்கள் விசாரித்து மாற்றலாம்.

வெயிட்டேஜ் இப்போதுதான் வருகிறது, இதைத்தான் எங்கள் துறையில் ஸ்விங் வெயிட் என்பார்கள். எல்லாமே மோசமாக அமைந்த ஒரு கற்பனை வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்: மிச்சம் 40,000தான், புதிதாகக் கற்க எதுவுமில்லை, பெற்றோர் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், மாலையில் ஒரு மணி நேரம், கம்பெனி எப்போது மூடுமோ தெரியாது. இதில் ஒன்றே ஒன்றை மட்டும் உச்சத்துக்கு ஏற்றலாம் என்றால் எதை ஏற்றுவீர்கள்? அதற்கு 100. அதை விட்டால் அடுத்தது எது, முதலாவதில் எத்தனை பங்கு நிம்மதி தரும்? இப்படியே கீழே வாருங்கள். 'பணம் முக்கியமா, பெற்றோர் முக்கியமா' என்ற கேள்விக்கு யாராலும் யோக்கியமாகப் பதில் சொல்ல முடியாது. 'மாதம் 15,000 கூடுவதா, அப்பாவைப் பத்து நிமிடத்தில் பார்க்க முடிவதா' என்றால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நீங்கள் பெற்றோர் 100, கற்றல் 80, மாலை நேரம் 60, பாதுகாப்பு 40, பணம் 30 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். எக்செல்லில் A பத்தியில் வரிசைப் பெயர், B பத்தியில் வெயிட்டேஜ், C முதல் E வரை மூன்று ஊர் என்றால் C பத்தியின் அடியில் இதைப் போட்டு வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT($B$2:$B$6,C2:C6)/SUM($B$2:$B$6)
```

சென்னை 19, பெங்களூரு 42, கோவை 68 வரும். முன்பு ஒட்டிக்கொண்டிருந்த மூன்றும் இப்போது தனித்தனியாக நிற்கின்றன. கோவைக்குப் போங்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது, வெயிட்டேஜ் நான் போட்டது. அதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

ரூபாயில் மாற்றிப் பாருங்கள். பணத்தின் 30 என்பது 15,000 ரூபாய் வித்தியாசத்துக்கு. அப்படியானால் பெற்றோருக்குக் கொடுத்த 100 என்பது மாதம் 50,000 ரூபாய். அவர்கள் பக்கத்தில் இருப்பதற்காக மாதாமாதம் 50,000 விட்டுக்கொடுப்பீர்களா? "அய்யோ அவ்வளவெல்லாம் இல்லை, 25,000 வரை போகலாம்" என்று உள்ளே ஒரு குரல் கேட்டால் பணத்தின் வெயிட்டேஜ் 60 ஆக இருந்திருக்க வேண்டும். மாற்றிப் போடுங்கள். இந்த உதாரணத்தில் மாற்றினாலும் கோவைதான் முன்னால் நிற்கிறது, ஆனால் உங்கள் எண்களில் அது கவிழலாம். பெற்றோரை ரூபாயில் அளப்பதா என்று சிலர் கோபப்படுவார்கள். இருந்த இடத்திலேயே இருப்பவரும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், எழுதிப் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதோடு, எந்த இடத்தில் முடிவு மாறும் என்று தேடுங்கள். பணத்தையும் பாதுகாப்பையும் அப்படியே விட்டு, கற்றலை 100க்கு ஏற்றினால், பெற்றோருக்கும் மாலை நேரத்துக்கும் சேர்த்து 90க்குக் குறைவாகக் கொடுத்தால்தான் பெங்களூரு ஜெயிக்கிறது. இப்போது கேள்வி ரொம்பச் சின்னதாகிவிட்டது: அந்த வேலையில் கற்பது, பெற்றோரும் மகளும் சேர்ந்ததைவிட எனக்குப் பெரிதா? "ஆமாம், இந்த வயசில் இதை விட்டால் அப்புறம் டெஸ்டிங்கிலேயே மாட்டிக்கொள்வேன்" என்பது முழுக்க நியாயமான பதில்தான். அதைச் சொல்லிவிட்டால் பெங்களூருக்குப் போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்தே போவீர்கள்.

கூட்டல் கணக்குக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு, ஒன்றில் 0 வாங்கியதை இன்னொன்றில் 100 வாங்கி அது ஈடுகட்டிவிடும். வாழ்க்கையில் சில 0க்கள் ஈடாகாது. கோவை கம்பெனி மூடிவிட்டால் ஆறு மாதம் ஓட்ட உங்களிடம் 2,70,000 (45,000 × 6) தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் அட்டவணையில் 68 வந்தாலும் அந்த வேலை இப்போதைக்குப் பட்டியலிலேயே வரக்கூடாது. வீட்டுக் கடன், பெற்றோர் மருத்துவச் செலவு, கையெழுத்திட்ட பாண்டு, இந்த மாதிரி தாண்ட முடியாத கோடுகளை அட்டவணைக்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும். வெயிட்டேஜுக்குள் அவற்றைக் கொண்டுவந்தால் கரைந்துபோகும்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவரைதான். ஒரே விஷயத்தைப் பல வரிசையில் திரும்பத் திரும்ப எண்ணுவது, இடைவெளியைப் பார்க்காத வெயிட்டேஜ் இரண்டும் விடையைக் கெடுக்கும் என்பது கணக்கு, அதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்னொன்றையும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்: வெயிட்டேஜ் 80ஆ 85ஆ என்று ராத்திரி தூக்கம் கெட வேண்டாம். ராபின் டாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரையில், சரியான அளவுகோல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சும்மா சம எடை போட்டுக் கூட்டினாலே கணிப்புகள் வியக்கத்தக்க அளவு நன்றாக வருகின்றன, நிபுணர்களின் உள்ளுணர்வைவிட மேல் என்று காட்டினார். நம் உதாரணத்திலும் ஐந்துக்கும் சம எடை போட்டால் கோவை 61, பெங்களூரு 50, சென்னை 27. எந்த ஊர் முன்னால், எது பின்னால் என்பது மாறவில்லை. ஆனால் அவர் பார்த்தவை மாணவர்களின் தேர்ச்சி மாதிரி பின்னால் அளந்து சரிபார்க்கக்கூடியவை. 'இந்த வேலை எனக்கு நல்லது' என்பதை அப்படி அளக்க முடியாது. எனவே அதை இங்கே ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சந்தேகமான பக்கம், காரணம் எழுதுவதே நம்மைக் குழப்புமா என்பது. டிமொத்தி வில்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சுவரில் ஒட்டும் போஸ்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் சில வாரம் கழித்து மற்றவர்களைவிடக் குறைவான திருப்தியோடு இருந்தார்கள். சொல்ல எளிதான காரணங்கள் முன்னால் வந்துவிடுகின்றன, சொல்ல வராதவை பின்னால் போய்விடுகின்றன. போஸ்டரும் வேலையும் ஒன்றல்ல, அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் உங்கள் "சந்தோஷமே வரவில்லை" என்பதை நான் இந்த வழியில்தான் படிக்கிறேன். அது அட்டவணையைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை, எழுதாமல் விட்ட ஒரு வரிசை இருக்கிறது என்று சொல்கிறது. அங்கே போனால் யாரோடு வேலை செய்ய வேண்டியிருக்கும், டெஸ்டிங் என்ற வேலையே இன்னும் பிடிக்கிறதா, ஏதோ ஒன்று. கண்டுபிடித்தால் சேருங்கள். ஆனால் மனசுக்குப் பிடித்த ஊர் ஜெயிக்கும் வரை வரிசை சேர்த்துக்கொண்டே போவதும் நடக்கும், நிறையப் பேர் செய்வார்கள். அதற்கு ஒரு தடை போடலாம்: புது வரிசை சேர்த்தால் அதன் வெயிட்டேஜை முதலில் முடிவு செய்து எழுதிவிட்டு, அப்புறம்தான் மூன்று ஊருக்கும் மார்க், மொத்தத்தை அதுவரை பார்க்கவே கூடாது.

கேள்வியில் மனைவியைப் பற்றி ஒரு சொல்தான் இருக்கிறது, அட்டவணையில் அதுவும் இல்லை. அவர் வேலை செய்கிறாரா, கோவையில் மாமியார் வீட்டில் கூட்டாக இருக்க அவருக்குச் சம்மதமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வெயிட்டேஜைக் காட்டாமல் ஒரு வெற்றுத் தாளில் அவரை எழுதச் சொல்லுங்கள், வரிசைகளையும் அவரே எழுதட்டும். இரண்டையும் சராசரி எடுக்க வேண்டாம். எங்கே முட்டுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய தாளில் நீங்கள் நினைத்தே பார்க்காத வரிசை ஒன்று கட்டாயம் இருக்கும்.

கடைசியாக, பட்டியலில் நாலாவது ஒன்று இல்லாதது எனக்கு உறுத்துகிறது. பெரிய சர்வீசஸ் கம்பெனிகள் பலவற்றுக்குக் கோவையிலும் அலுவலகம் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு இருந்தால், இல்லை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால், இதே 1,15,000இல் கோவைச் செலவு 45,000 போக மிச்சம் 70,000. இதைச் சேர்த்தால் பண வரிசையின் இடைவெளி 15,000லிருந்து 30,000 ஆகிறது, அதனால் பழைய 30 வெயிட்டேஜ் செல்லாது, 60 ஆக்க வேண்டும். புது வாய்ப்பு சேரும்போதெல்லாம் 0, 100 எது என்பதையும் வெயிட்டேஜையும் திரும்பப் பார்க்க வேண்டும், பலர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். மாலை இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன், இந்த நாலாவது 71, கோவை சின்ன கம்பெனி 62, பெங்களூரு 38, சென்னை 18. கற்றலில் மட்டும் அது 0, பழைய வேலைதானே.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியவை போன் வேலைகள்தான். பெங்களூரு கம்பெனியிடம் பதில் சொல்ல ஒரு வாரம் கூடக் கேளுங்கள், பொதுவாகத் தருவார்கள். கோவை கம்பெனியை விட்டு வெளியே வந்த ஒருவரைப் பிடித்து, சம்பளம் என்றைக்கு வரும், எத்தனை கிளையன்ட், டெஸ்டிங்கில் ஆட்டோமேஷன் எவ்வளவு என்று விசாரியுங்கள், அந்த 0வும் 40உம் அப்போதுதான் நிஜ எண்களாகும். உங்கள் மேனேஜரிடம் இடமாற்றம் பற்றிப் பேசும்போது பெங்களூரு ஆஃபர் இருக்கிறது என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்த மனிதரைப் பொறுத்தது, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு இதைக் கேட்டால் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.